"நீ எதுவும் பண்ண வேணாம்" என்று சொன்னவர் எழுத வேண்டிய கடிதம்

"கல்யாணமாகி ஏழு வருஷம். போன வருஷம் கல்யாண நாளன்று மயிலாப்பூர் குளக்கரையில் உட்கார்ந்து, 'அடுத்த வருஷம் நீ எதுவும் பண்ண வேணாம், நானே எல்லாம் பாத்துக்கறேன், மகாபலிபுரத்துல ஒரு நாள், நாம ரெண்டு பேர் மட்டும்' என்று மனைவியிடம் சொன்னேன். போன வியாழக்கிழமை அந்த நாள். எனக்கு ஒரகடத்தில் ஆடிட், சுத்தமாக மறந்துவிட்டேன். காலையில் 'எத்தனை மணிக்கு வருவீங்க' என்று கேட்டாள், 'லேட் ஆகும்' என்றேன். நாலு மணிக்கு அவள் ஃபோன் வந்தது, கட் செய்தேன். இரவு பத்தரைக்கு வீடு வந்தேன். மறுநாள் மச்சினி பேசியபோதுதான் உறைத்தது. அவள் அரைநாள் லீவு போட்டு, பெண்ணை வில்லிவாக்கத்தில் அவள் அம்மா வீட்டில் விட்டு, புது ப்ளவுஸ் தைத்து வாங்கி வைத்திருந்தாளாம். இப்போது எது கேட்டாலும் 'பரவாயில்ல விடுங்க' என்கிறாள். ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தேன்: 'வேலை டென்ஷன்ல மறந்துபோச்சு. உன் மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சிடு. அடுத்த வருஷம் கண்டிப்பா ஜமாய்ச்சிடலாம்.' இது போதுமா, இன்னும் என்ன எழுதணும்?"

இதைக் கொடுத்துவிடாதீர்கள் தம்பி. கொடுத்தால் இதற்கும் "பரவாயில்ல விடுங்க" என்றுதான் பதில் வரும்.

மாம்பலத்தில் இருபது வருஷத்துக்கு மேல் கணவன் மனைவி சண்டைகளை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பவள் நான். கல்யாண நாளை மறந்த கேஸ்கள் நிறைய வரும். அதில் பாதி ஒரு வாரத்தில் தானே ஆறிவிடும். உங்களுடையது அந்த வகை இல்லை. உங்களை மாட்டிவிட்டது தேதி அல்ல, குளக்கரையில் சொன்ன அந்த முதல் ஆறு சொற்கள்: "அடுத்த வருஷம் நீ எதுவும் பண்ண வேணாம்."

அந்த வாக்கியம் என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். சாதாரணமாக ஒரு கணவர் கல்யாண நாளை மறந்தால், மனைவி முந்தின நாளே "நாளைக்கு என்ன நாள்னு தெரியுமா?" என்று இடித்துக் காட்டுவார். சிரிப்போடு முடிந்துவிடும். உங்கள் மனைவிக்கு அந்த வழியை நீங்களே அடைத்துவிட்டீர்கள். ஞாபகப்படுத்தினால் அது அவர் பார்த்த வேலையாகிவிடும், நீங்கள் கொடுப்பதாகச் சொன்ன பரிசு அங்கேயே கெட்டுவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். காத்திருப்பதுதான் அந்த ஒப்பந்தத்தில் அவர் பங்கு, அதை ஒழுங்காகச் செய்தார். "நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று நீங்கள் வாய் தவறிக் கேட்டுவிட்டால், இந்த விவகாரத்திலேயே மோசமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். ஏற்கெனவே கேட்டாகிவிட்டது என்றால் அதற்கும் கடிதத்தில் ஒரு வரி வேண்டும்.

அந்த லீவையும் கவனியுங்கள். நீங்கள் சொன்னது முழு நாள். அவர் போட்டது அரைநாள். இது என் ஊகம்தான், ஆனாலும் சொல்கிறேன்: புதன்கிழமை ராத்திரி வரைக்கும் நீங்கள் எதுவும் சொல்லாததைப் பார்த்து, முழு நாள் இருக்காது, மத்தியானத்துக்கு மேல் ஏதாவது வைத்திருப்பார் என்று தானே குறைத்துக்கொண்டிருக்கிறார். காலையில் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டபோது இன்னும் கொஞ்சம் குறைத்திருப்பார். நாலு மணி ஃபோன் கடைசி முயற்சி. ஒரு ஆள் தன் எதிர்பார்ப்பை மணிக்கு மணி தானே வெட்டிக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார், நீங்கள் ஆடிட் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தீர்கள். கடிதத்தில் இருக்க வேண்டியது இந்த நாள்தான். உங்கள் டென்ஷன் இல்லை.

சரி, நீங்கள் எழுதியதற்கு வருவோம்.

"மறந்துபோச்சு." நம் பேச்சுத் தமிழில் இது ரொம்ப வசதியான சொல். யார் மறந்தார் என்று சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். மழை வந்தது, கரண்ட் போனது மாதிரி, மறதியும் எங்கிருந்தோ வந்து உங்கள் மேல் விழுந்ததாக ஆகிவிடும். லேட் ஆயிடுச்சு, தவறிப்போச்சு, என்னமோ இப்படி ஆயிப்போச்சு, எல்லாம் அதே குடும்பம். தூர்தர்ஷன் காலத்தில் படம் நின்றுபோனால் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று அட்டை போடுவார்களே, அந்த ஜாதி. தடங்கல் யாரால் வந்தது என்று கடைசி வரை தெரியாது. ஆங்கிலத்தில் "ஐ ஃபர்காட்" என்று சொன்னால் "நான்" உள்ளே வந்தே தீரும். நமக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, அதனால் நாமாகத்தான் கொண்டுவர வேண்டும். ஒரு எளிய சோதனை சொல்கிறேன். கடிதத்தை எழுதி முடித்ததும் நடந்ததைச் சொல்கிற ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் கீழே கோடு போடுங்கள். "மறந்தேன், சொன்னேன், கட் பண்ணேன்" என்று "ஏன்" ஓசையில் முடிகிறதா, "போச்சு, ஆச்சு, ஆயிடுச்சு" என்று முடிகிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகை எங்கே இருக்கிறதோ அங்கே நீங்கள் ஒளிந்துகொண்டிருக்கிறீர்கள்.

"மனசு கஷ்டப்பட்டிருந்தா" என்பதில் அந்த "இருந்தா" நீங்கள் நழுவ இடம் விட்டு வைக்கிற வேலை. கஷ்டப்பட்டாரா இல்லையா என்பதே இன்னும் முடிவாகவில்லை என்கிற தொனி வந்துவிடுகிறது. அதோடு, அவர் மனசைப் பற்றி நீங்கள் எழுதவே வேண்டாம். "நீ எவ்வளவு வேதனைப்பட்டிருப்பேன்னு எனக்குப் புரியுது" என்று எழுதினால், "என்ன புரிஞ்சுது உங்களுக்கு?" என்று கேட்கத் தோன்றும். அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் எழுதுங்கள். லீவு, வில்லிவாக்கம், ப்ளவுஸ், நாலு மணி ஃபோன். மீதியை அந்த விவரங்களே சொல்லும்.

மூன்றாவது வரி, அடுத்த வருஷம். வாக்கு தவறியதற்கு மன்னிப்புக் கேட்கிற கடிதத்தில் இன்னொரு வாக்கு. செல்லாத நோட்டுக்குப் பதில் அதே அச்சில் அடித்த இன்னொரு நோட்டை நீட்டுகிறீர்கள். ஈடு கட்டுவது அவசியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய் லெவிக்கி என்பவரும் கூட்டாளிகளும் 2016-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மன்னிப்பின் பகுதிகளை ஆறாகப் பிரித்து, எது எடுபடுகிறது என்று 755 பேரிடம் சோதித்தார்கள். "தப்பு என்னுடையது" என்று ஒப்புக்கொள்வது முதலில் வந்தது, ஈடு செய்கிறேன் என்பது அடுத்து. "மன்னித்துவிடு" என்று கேட்பதுதான் கடைசி. அவர்கள் வைத்த கதை, வரிக் கணக்கைத் தப்பாகப் போட்ட ஒரு கணக்காளரை வேலைக்கு எடுப்பதைப் பற்றியது, படுக்கையறைக் கதை இல்லை. அப்படியே நம் வீட்டுக்குப் பொருத்த முடியாது. ஆனால் அந்த வரிசை என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. "மன்னிச்சிடு, மன்னிச்சிடு" என்று நாலு தரம் எழுதிய கடிதங்கள் எடுபட்டு நான் பார்த்ததில்லை. அது எதிராளியின் கையில் ஒரு வேலையைத் திணிப்பது. "மன்னிச்சிட்டேன்" என்று சொல்லாவிட்டால் அவர் கல்நெஞ்சக்காரி ஆகிவிடுகிறார்.

எனவே ஈடு என்று எதை எழுதினாலும், எழுதுவதற்கு முன்னாலேயே செய்து முடித்ததாக இருக்க வேண்டும். செய்யப்போவதாக ஒரு வரிகூடக் கூடாது. லீவு வாங்கிவிட்டேன், ரூம் போட்டுவிட்டேன், பெண்ணைப் பார்த்துக்கொள்ள ஆள் பேசிவிட்டேன். இதில் பெண்ணை மறுபடியும் வில்லிவாக்கத்தில் விடக் கூடாது. அந்தப் பாட்டியிடம் வியாழக்கிழமை ஏற்கெனவே ஒரு தடவை சொல்லி, அது வீணாகிப் போய், உங்கள் மனைவி அங்கே போய்ப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். என்ன சொல்லிக் கூட்டி வந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். இந்தத் தடவை உங்கள் அம்மாவிடமோ அக்காவிடமோ நீங்களே பேசுங்கள்.

ரூமைப் பற்றியும் ஒன்று. போன வருஷம் சொன்னதைவிடப் பெரிதாகப் போடாதீர்கள். சொன்னது மகாபலிபுரம். அதை விட்டுவிட்டு ஊட்டி, கொடைக்கானல் என்று போனால் லஞ்சம் மாதிரி ஆகிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர் அது. அவ்வளவு பக்கத்தில் இருப்பதைக்கூடச் செய்யவில்லை என்பதுதான் உறுத்தல், அதை அதே ஊரை வைத்துத்தான் சரிசெய்ய முடியும். பணம் போகாமல் கேன்சல் செய்யக்கூடிய ரூமாகப் பாருங்கள், ஏனென்றால் வேண்டாம் என்று சொல்கிற உரிமை அவருக்கு நிஜமாகவே இருக்க வேண்டும். "பணம் கட்டியாச்சு" என்று ஒருவரை இழுத்துக்கொண்டு போனால் அது அவருக்கான பயணம் இல்லை.

நான் எழுதினால் எப்படி எழுதுவேன் என்று ஒன்று போடுகிறேன். இதை அப்படியே நகல் எடுக்காதீர்கள், உங்கள் மனைவிக்கு உங்கள் பேச்சு தெரியும். மேலே நீங்கள் வீட்டில் கூப்பிடும் பெயர் மட்டும் போதும். "அன்பு மனைவிக்கு" வேண்டாம். என் வீட்டுக்காரர் ஒரு தடவை எனக்கு இப்படி ஒரு கடிதம் எழுதினார். ஆபீஸ் பழக்கத்தில் கடைசியில் "இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள" என்று கையெழுத்துப் போட்டிருந்தார். விஷயம் ஆறினது என்னவோ அதைப் பார்த்துச் சிரித்ததால்தான், கடிதத்தால் இல்லை.

கடிதம்:

போன வருஷம் குளக்கரையில உக்காந்து "நீ எதுவும் பண்ண வேணாம், நானே எல்லாம் பாத்துக்கறேன்"னு சொன்னேன். மகாபலிபுரம்னு சொன்னேன். நாம ரெண்டு பேர் மட்டும்னு சொன்னேன். நீ எதுவும் கேக்கல. நான் சொன்னபடியே விட்டுட்ட.

அதுக்கப்புறம் ஒரு வருஷத்துல நான் அதுக்காக ஒண்ணுமே செய்யல. லீவு கேக்கல, ரூம் பாக்கல. வியாழக்கிழமை மறந்தேன்னு சொன்னா அது பாதிதான் உண்மை. அதுக்கு ரொம்ப முன்னாடியே நான் அதைக் கைவிட்டுட்டேன்.

அன்னைக்குக் காலையில எத்தனை மணிக்கு வருவீங்கன்னு கேட்ட. லேட் ஆகும்னு சொல்லிட்டுக் கிளம்பினேன். ஏன் கேக்கறன்னுகூட நான் கேக்கல. நாலு மணிக்கு நீ ஃபோன் பண்ண, கட் பண்ணேன், திரும்பக் கூப்பிடல. நீ லீவு போட்டது, பாப்பாவ அம்மா வீட்ல விட்டது, ப்ளவுஸ் தச்சு வாங்கினது எல்லாம் உன் தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்னைக்கு நீ பாப்பாவத் திரும்பக் கூட்டிட்டு வந்தப்ப அம்மா கிட்ட என்ன சொன்னன்னு எனக்குத் தெரியாது. அந்த இடத்துல உன்ன நிக்க வச்சது நான்தான்.

ஆடிட் இருந்தது நிஜம். ஆனா அந்த ஆடிட் தேதி எனக்கு ஒரு மாசம் முன்னாடியே தெரியும். அதைக் குறிச்சு வச்சேன். நம்ம நாளைக் குறிக்கல.

அடுத்த மாசம் ரெண்டாவது வெள்ளியும் சனியும் லீவு வாங்கிட்டேன். மகாபலிபுரத்துல ரூம் போட்டிருக்கேன். பாப்பாவ எங்கம்மா பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க, நானே பேசிட்டேன். உனக்குப் போக வேணாம்னு இருந்தா வேணாம். முந்தின நாள் வரைக்கும் பணம் போகாம கேன்சல் பண்ணலாம். போனாலும் இந்த வியாழக்கிழமைக்கு இது பதிலா ஆகாதுன்னு எனக்குத் தெரியும்.

இதுக்கு நீ பதில் சொல்லணும்னு இல்ல. திட்டணும்னா திட்டு, கேக்கறேன்.

அவ்வளவுதான். "மன்னிச்சிடு" என்ற சொல் இதில் ஒரு இடத்திலும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். உங்களுக்கு அது கட்டாயம் வேண்டும் என்று தோன்றினால் "அம்மா கிட்ட என்ன சொன்னன்னு" வருகிற பத்திக்குப் பிறகு ஒரே ஒரு தடவை போடுங்கள், முதல் வரியில் போடாதீர்கள். "சாரிம்மா" வேண்டாம். காப்பி ஆறிப்போனதற்கும் நாம் அதைத்தான் சொல்கிறோம்.

ஆடிட் பத்தியில் ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்பீர்கள். காரணத்தைச் சொல்லாமலே விட்டால் மறைக்கிற மாதிரி இருக்கும், விரித்தால் வக்கீல் வாதம் ஆகிவிடும். ஒரு வரியில் சொல்லிவிட்டு, அந்தக் காரணத்தை வைத்தே உங்களைப் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும். ஆடிட் தேதியைக் குறித்து வைத்த அதே ஃபோன், அதே காலண்டர். இதை அவர் எப்படியும் யோசித்திருப்பார். நீங்கள் முதலில் சொன்னால் அவர் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் எதையெல்லாம் குறித்து வைக்கிறவர் என்று உங்களுக்குத்தான் தெரியும், உங்கள் வரி உண்மையில் வேறாக இருந்தால் அதைப் போடுங்கள். இங்கே பொய் கலந்தால் மொத்தமும் போச்சு.

"இனி மறக்கவே மாட்டேன்" என்பதையும் வேண்டுமென்றேதான் விட்டேன். ஞாபகம் சத்தியத்துக்குக் கட்டுப்படாது. எதிரே ஒரு பொருளைப் பார்த்தால் வருகிற ஞாபகம் வேறு, இன்ன தேதியில் இன்னது செய்ய வேண்டும் என்று எந்தத் தூண்டுதலும் இல்லாமல் தானாக எழ வேண்டிய ஞாபகம் வேறு. இரண்டாவதுதான் வேலை நெருக்கத்தில் முதலில் கழன்றுவிடும். அதோடு அந்த நாள் காலை ஒன்பது மணிக்கு ஃபோன் அலறினாலும் உங்களுக்குப் பிரயோஜனம் இருந்திருக்காது. லீவும் ரூமும் அன்றைக்குக் கிடைக்கிற சமாச்சாரமா? நாற்பது நாள் முன்னால் ஒன்று, பத்து நாள் முன்னால் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைக் கடிதத்தில் பெருமையாக எழுத வேண்டாம், சும்மா செய்துவிடுங்கள்.

"எங்க காலத்துல கல்யாண நாளெல்லாம் யார் கொண்டாடினா, அறுபதாம் கல்யாணம்தான்" என்று வீட்டில் பெரியவர்கள் யாராவது உங்களுக்கு ஆதரவாகப் பேசக்கூடும். உண்மைதான், வருஷா வருஷம் கொண்டாடுவது நமக்குப் புதுப் பழக்கம். அந்த ஆதரவை வாங்கிக்கொள்ளாதீர்கள். குளக்கரையில் பேசியது அவர்கள் இல்லை, நீங்கள்.

கொடுக்கிற விதம். கையால் எழுதுங்கள், ஒரு ஏ4 தாளுக்கு மேல் போக வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் விழுந்ததா என்று நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், நீங்கள் பார்ப்பது அவருக்கும் தெரியும். அவருடைய ஹேண்ட்பேக்கில் வைக்காதீர்கள். ஆபீஸிலோ மெட்ரோவிலோ பிரித்துப் படித்துவிட்டு நாள் பூராவும் முகத்தைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டிய கஷ்டம் அவருக்கு எதற்கு? பெண் தூங்கின பிறகு கையில் கொடுத்து, "எழுதியிருக்கேன், எப்ப வேணா படி" என்று சொல்லிவிட்டு அடுத்த ரூமுக்குப் போய்விடுங்கள். கூடவே மல்லிகைப்பூவும் அல்வாவும் வேண்டாம். தமிழ்நாட்டில் அல்வா கொடுப்பதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

மறுநாள் காலையில் "படிச்சியா?" என்று கேட்காதீர்கள். திரும்பவும் "பரவாயில்ல விடுங்க" என்று வந்தால் இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம், அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பெட்டி கட்ட ஆரம்பிக்காதீர்கள். மாறாக, நாலு நாள் கழித்துப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே "நாலு மணிக்கு ஏன் கட் பண்ணீங்க?" என்று திடீரென்று கேட்டால் அது நல்ல சேதி. கதவு திறக்கிறது. அப்போது "அதான் எழுதியிருக்கேனே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எழுதியதையே வாயால் இன்னொரு தடவை சொல்லுங்கள். இரண்டு மூன்று தடவைகூடக் கேட்பார், ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கிற மாதிரிதான் இருக்கும். பரவாயில்லை.

இன்றைக்கு ராத்திரியே எழுதிவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். முதலில் மேலதிகாரியிடம் லீவு, அப்புறம் ரூம், அப்புறம் உங்கள் அம்மாவிடம் பேச்சு. அம்மா அந்த வெள்ளிக்கிழமை ஊரில் இல்லை என்றால் தேதியை மாற்றி மறுபடி லீவு கேளுங்கள். இந்த மூன்றும் முடிகிற வரைக்கும் அந்தப் பத்திக்கு இடம் விட்டுவிட்டு மீதியை எழுதி வையுங்கள்.